பத்தொன்பது ஏற்றம், பதினெட்டு மிதி

அக்காவின் பழைய வீட்டில் மாடிக்கு ஏறுகிற யாரும் கடைசிப் படியில் ஒருமுறை தடுக்குவார்கள். விழ மாட்டார்கள். செருப்பு முனை இடிக்கும், கை தானாகக் கைப்பிடியைத் தேடும், அவ்வளவுதான். இறங்கும்போது கதை மாறும். கடைசிப் படியிலிருந்து தரைக்குக் காலை இறக்கினால், இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று கால் நம்பிக்கொண்டிருக்கும்போதே தரை வந்து குதிகாலில் மோதும். முழங்கால் வலிக்காரரான மாமா அந்த இடத்தில் தினமும் ஒருமுறை முனகுவார். குனிந்து பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஒருநாள் டேப்பை எடுத்து அளந்தேன். மொத்தம் பதினெட்டு ஏற்றம். நடுவில் இருந்த பதினாறும் அச்சு வார்த்ததுபோல 7 அங்குலம். முதல் படி மட்டும் 5½, கடைசிப் படி 7½. கட்டிய மேஸ்திரியைப் பிறகொரு நாள் பார்த்தபோது கேட்டேன். "எல்லாம் ஏழு இஞ்ச்தான் சார். பலகையையே ஏழு இஞ்சுக்கு வெட்டித்தான் அடைச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வார்த்த கான்கிரீட் படி ஒவ்வொன்றும் 7 அங்குலம்தான். அப்படியானால் அந்த அரை அங்குலமும் ஒன்றரை அங்குலமும் எங்கிருந்து வந்தன? பதில் அவருடைய கரண்டியில் இல்லை, வரைபடத்தில் இருந்தது. சரியாகச் சொன்னால், வரைபடத்தில் போடாமல் விட்ட ஒரு கோட்டில் இருந்தது.

படி ஏறும்போது நாம் படியைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளில் கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் அதே அளவுக்குத்தான் தூக்குகிறது. தேவைக்கு மேல் தூக்கி உடம்பு சக்தியை வீணாக்காது. அதனால் படியின் முனைக்கும் நம் விரல் நுனிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகவும் குறுகியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 36-வது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட இம்மியளவு உயரமாக இருந்தது. 2012-இல் ஒருவர் அங்கே கேமராவை வைத்துப் படம்பிடித்தார். வயதானவர், இளைஞர், குழந்தையைத் தூக்கி வந்தவர் என்று ஆள் மாற்றி ஆள் அதே படியில் தடுக்கினார்கள். படம் பரவியதும் நிர்வாகம் அந்தப் படிக்கட்டைச் சரிசெய்தது. தடுக்கியவர்கள் ஒவ்வொருவரும் அதுவரை தன் கவனக்குறைவு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அக்கா புது வீடு கட்டத் தொடங்கியபோது, படிக்கட்டை மட்டும் நான் வரைந்து தருவதாகச் சொன்னேன். தரைத்தளத்தின் டைல்ஸ் மேற்பரப்பிலிருந்து மாடியின் டைல்ஸ் மேற்பரப்பு வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். கணக்குக்கு இதைவிடச் சுகமான எண் கிடைக்காது. 7 அங்குலம் வைத்தால் பதினெட்டு ஏற்றம், மீதம் இல்லை. நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா சொன்னாள்: "டேய், ஒத்தப்படையா வரணும். லாபம், நஷ்டம்னு எண்ணினா லாபத்துல முடியணும்."

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் கோயில் படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார். அவர் சொன்ன காரணம் வேறு: வலது காலை வைத்து ஏறத் தொடங்குகிறவர் மேலே போய்ச் சேரும்போதும் வலது காலையே முதலில் வைக்க வேண்டும். அக்காவோடு வாதிடுவதைவிடப் பத்தொன்பதால் வகுப்பது சுலபம் என்று பட்டது.

126-ஐ 19-ஆல் வகுத்தால் 6.63 அங்குலம், கிட்டத்தட்ட 6⅝. இந்த ஏற்றத்தைத்தான் கட்டட வேலையில் எல்லாரும் ரைசர் என்கிறார்கள். இதற்கு ஏற்ற டிரெட், அதாவது கால் வைக்கும் மிதியின் அகலம் எவ்வளவு? பிரான்சில் பிரான்சுவா புளோந்தேல் என்பவர், 1675-இல் வெளிவரத் தொடங்கிய தன் கட்டடக் கலைப் பாடநூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். சமதரையில் ஒரு எட்டு அன்றைய பிரெஞ்சு அளவில் 24 அங்குலம். செங்குத்தான ஏணியில் ஒரு எட்டு 12 அங்குலம். ஆகவே, மேலே தூக்கும் ஒரு அங்குலம் முன்னே வைக்கும் இரண்டு அங்குலத்துக்குச் சமம். ரைசரை இரண்டால் பெருக்கி டிரெட்டைக் கூட்டினால் ஒரு எட்டின் நீளம் வர வேண்டும். அவருடைய அங்குலம் நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது. இன்றைக்கு 60 முதல் 64 சென்டிமீட்டர் வரை வந்தால் சௌகரியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் 10 அங்குல டிரெட் வைத்தால் 23¼ அங்குலம், 59 சென்டிமீட்டர்தான். கால் கொஞ்சம் கத்தரிக்கப்படும். 10½ வைத்தால் 60 தாண்டுகிறது. சரி, 10½. வீடுகளுக்கு டிரெட் 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, ரைசர் 190-ஐத் தாண்டக்கூடாது என்கிறது நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு. நம்முடையது 267-ம் 168-ம்.

இந்த 10½, ஒரு ரைசரின் முகத்திலிருந்து அடுத்த ரைசரின் முகம் வரை. மேலே போடும் கிரானைட் பலகை முன்பக்கம் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் பலகை 11½ அகலம் வரும்; ஆனால் பிளானில் அந்த ஒரு அங்குலம் கணக்கில் சேராது, ஏனென்றால் அது கீழ்ப்படியின் தலைக்கு மேலே நிற்கிற இடம். அதையும் 10½-க்குள் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, படிக்கட்டு அறையில் இடம் மிச்சம் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

இனி வரைவது. பிளான் என்பது மேலிருந்து பார்ப்பது. அதில் டிரெட் தெரியும், உயரம் அடியோடு மறைந்துபோகும். ஒவ்வொரு ரைசரும் வெறும் ஒரு கோடு. செக்‌ஷன் என்பது வீட்டைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது. அங்கே உயரம் கிடைக்கும். ஆனால் இரண்டு வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் போய்விடும். இரண்டையும் தனித்தனியாக வரைந்தால் இரண்டும் அழகாகத்தான் இருக்கும், ஒன்றோடொன்று பொருந்துமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே தாளில், பிளானைக் கீழேயும் செக்‌ஷனை அதற்கு நேர் மேலேயும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதை உருவ வேண்டும்.

1:20 அளவில் வரைகிறோம். 10 அடி 6 அங்குலம் தாளில் 16 சென்டிமீட்டர் வரும். தரைக்கு ஒரு கிடைக்கோடு, மாடிக்கு ஒரு கிடைக்கோடு. நடுவே இருக்கும் 16 சென்டிமீட்டரைப் பத்தொன்பது சம பாகமாக்க வேண்டும். ஒரு பாகம் 8.42 மில்லிமீட்டர். இதை ஸ்கேலில் பார்த்துப் பத்தொன்பது முறை புள்ளி வைக்க முயன்றால் மேலே போய்ச் சேர்வதற்குள் எங்கோ விலகியிருப்போம். வகுத்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்கேலைச் சாய்த்துப் பிடியுங்கள். அதன் 0 தரைக்கோட்டைத் தொட வேண்டும்; 19 சென்டிமீட்டர் மாடிக்கோட்டைத் தொட வேண்டும். 16 சென்டிமீட்டர் இடைவெளியில் 19 சென்டிமீட்டர் சாய்ந்துதான் நிற்கும். இப்போது ஒவ்வொரு சென்டிமீட்டர் குறிக்கும் நேராக ஒரு புள்ளி வைத்து, அதன் வழியே கிடைக்கோடு இழுங்கள். பத்தொன்பது சம ஏற்றங்கள், ஒரு கூட்டல்கூடப் போடாமல். சாய்கோட்டைச் சம பாகமாக்கும் இணைகோடுகள் அவற்றுக்குக் குறுக்கே போகும் எந்தக் கோட்டையும் சம பாகமாகத்தான் வெட்டும். பள்ளியில் வடிவொத்த முக்கோணம் என்று படித்துவிட்டு மறந்த சமாசாரம் இதுதான். கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் `DIVIDE` என்று தட்டி 19 என்கிறார்கள். அதுவும் இதே வேலைதான், ஸ்கேலின் சாய்வு மட்டும் கண்ணில் படாது.

வகுத்த எண்ணை நம்பக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 6⅝ என்பதை "ஆறரைன்னு வெச்சுக்கலாம்" என்று யாராவது தோராயமாக்கினால், பதினெட்டு படி 117 அங்குலத்தில் முடிந்துவிடும். மிச்சம் 9 அங்குலம் கடைசிப் படியின் தலையில் விழும். படிக்குப் படி காணாமல் போன எட்டில் ஒரு பங்கு எல்லாம் ஒன்றுசேர்ந்து, மாடி வாசலில் ஒரு முட்டுக்கட்டையாக நிற்கும்.

அடுத்து பிளான். இருக்கும் இடம் 6 அடி 6 அங்குல அகலம். 3 அடிக்கு ஒரு வரிசை, 3 அடிக்கு இன்னொரு வரிசை, நடுவில் 6 அங்குலம் இடைவெளி. ஏறிப்போய், நடுவில் ஒரு லேண்டிங்கில் திரும்பி, மறுபடி ஏறுகிற வழக்கமான படிக்கட்டு. பத்தொன்பதைச் சரிபாதியாக்க முடியாது. கீழ் வரிசைக்குப் பத்து, மேல் வரிசைக்கு ஒன்பது.

புதிதாக வரைகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பத்து ஏற்றம் என்றால் பத்து டிரெட் என்று போட்டுவிடுவார்கள். வராது. பத்தாவது ஏற்றம் ஏறினால் கால் வைக்கிற இடம் லேண்டிங். அது டிரெட் கணக்கில் இல்லை. ஆகவே கீழ் வரிசைக்கு டிரெட் ஒன்பது, 94½ அங்குலம். மேல் வரிசையில் ஒன்பதாவது ஏற்றம் மாடித் தரையிலேயே கொண்டுபோய் விடுகிறது. அங்கே டிரெட் எட்டு, 84 அங்குலம். பிளானில் இதைக் கோடுகளாக எண்ணிப் பார்க்கலாம். கீழ் வரிசையில் லேண்டிங்கின் விளிம்பையும் சேர்த்துப் பத்துக் கோடு, அவற்றுக்கு நடுவே ஒன்பது சந்து. வேலியில் கம்பம் பத்து என்றால் இடைவெளி ஒன்பது, அதே கதை. கணக்குத் தப்பியிருந்தால் செக்‌ஷன் உடனே காட்டிக் கொடுத்துவிடும்: படி லேண்டிங்குக்கு ஒரு ஏற்றம் முன்பே நின்றுவிடும், அல்லது தாண்டிப் போய்ச் சுவரில் முட்டும்.

வரைபடத்தைப் பார்த்த அக்காவும் இங்கேதான் நின்றாள். விரல் வைத்து எண்ணினாள். கீழே ஒன்பது மிதி, லேண்டிங் ஒன்று, மேலே எட்டு. "பதினெட்டுதானே வருது? நஷ்டத்துல முடியுது!" மாடித் தரையில் வைக்கிற காலையும் எண்ண வேண்டும், அது பத்தொன்பதாவது, லாபம் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் படியில் ஏறி எண்ணிக் காட்டிவிட்டு வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

லேண்டிங் 3 அடி. மேல் வரிசையின் 84 அங்குலத்தோடு சேர்த்தால் 120, மிகச் சரியாகப் பத்து அடி. கீழ் வரிசை ஒரு டிரெட் அதிகம் என்பதால், முதல் படி மட்டும் 10½ அங்குலம் முன்னால் ஹாலுக்குள் நீண்டிருக்கும். ஒற்றைப்படைக்கு அக்கா கொடுத்த விலை அது.

பிளானில் இன்னொரு வழக்கம் உண்டு. வீட்டைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் கிடையாக வெட்டி, கீழே இருப்பதைப் பார்ப்பதாகத்தான் பிளான் வரைகிறோம். நம் படிக்கட்டில் அந்த வெட்டு எட்டாவது ஏற்றத்தில் விழும். அதுவரை உள்ள படிகளை முழுக்கோட்டிலும், அதற்கு மேல் இருப்பவற்றைப் புள்ளிக்கோட்டிலும் போட்டு, நடுவே ஒரு முறிவுக்கோட்டைச் சாய்வாக இழுப்பார்கள். நேராக இழுத்தால் அதையும் ஒரு ரைசர் என்று யாராவது எண்ணிவிடுவார்கள். ஏறும் திசைக்கு ஒரு அம்புக்குறி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று முதல் பத்தொன்பது வரை எண். அந்த எண்களைப் போடுவதற்குச் சோம்பல்படவே கூடாது.

இப்போது இரண்டையும் இணைக்கலாம். பிளானில் உள்ள ஒவ்வொரு ரைசர் கோட்டிலிருந்தும் மேலே செக்‌ஷனுக்கு மெல்லிய செங்குத்துக் கோடு போகட்டும். அங்கே ஏற்கெனவே பத்தொன்பது கிடைக்கோடுகள் காத்திருக்கின்றன. ஒன்றாம் எண் செங்குத்துக்கோடு தரையிலிருந்து ஒன்றாம் கிடைக்கோடு வரை ஏறும். அங்கிருந்து கிடையாக இரண்டாம் செங்குத்துக்கோடு வரை நகரும். பிறகு இரண்டாம் கிடைக்கோடு வரை ஏறும். பென்சிலை அழுத்தி இப்படியே ஏறிக்கொண்டு போனால், வலைபோலக் கிடந்த கோடுகளுக்குள்ளிருந்து படிக்கட்டு எழுந்து வரும். எத்தனை முறை வரைந்தாலும் அந்த நிமிடம் எனக்கு அலுத்ததில்லை. இதில் எந்தப் படியையும் நாம் அளந்து வைக்கவில்லை. பிளான் அகலத்தைத் தந்தது, செக்‌ஷன் உயரத்தைத் தந்தது, இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் படி தானே வந்தது.

படிகளின் உள்மூலைகளை ஒரு சாய்கோட்டால் இணைத்து, அதற்கு இணையாக 5 அங்குலம் தள்ளி அடிப்பக்கக் கோடு போட வேண்டும். படியைத் தாங்கும் சாய்வான ஸ்லாபின் கனம் அது. 5 அங்குலத்தைச் சாய்கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். ஸ்கேலை நேர்கீழாகப் பிடித்து அளந்தால், இந்தச் சாய்வில் உண்மையான கனம் நாலேகால் அங்குலத்துக்கும் ஒரு இழை குறைந்துபோகும். தாளில் யாருக்கும் உறுத்தாது. கம்பி கட்டும்போதுதான் இடம் போதாமல் விழிப்பார்கள்.

செக்‌ஷனைப் பார்த்ததும் மாமாவின் ஒரு திட்டம் அடிபட்டுப் போனது. லேண்டிங்குக்குக் கீழே ஒரு கழிப்பறை வைக்கலாம் என்று அவர் பிளானில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பிளானில் இடம் தாராளம், 6½ அடிக்கு 3 அடி. ஆனால் பத்து ஏற்றத்தில் லேண்டிங் இருப்பது 66 அங்குல உயரத்தில். ஸ்லாபின் 5 அங்குலமும் அதன்மேல் போடும் கல்லும் போனால் அடியில் இருப்பது சுமார் 5 அடி. விதி கேட்பது அதைவிட அதிகம். "இன்வெர்ட்டர் வெச்சுக்குங்க மாமா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

பழைய வீட்டுப் படிக்கு வருவோம். இதுவரை நான் இழுத்த கோடுகள் எல்லாம் கால் படுகிற பரப்புகள், அதாவது டைல்ஸும் கிரானைட்டும் போட்டு முடிந்த மட்டம். மேஸ்திரி வார்ப்பதோ அதற்கு அடியில் இருக்கிற கான்கிரீட்டை. இரண்டுக்கும் நடுவே உள்ள பூச்சும் கல்லும் எல்லா இடத்திலும் ஒரே கனம் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் அப்படி இருப்பதில்லை. அக்காவின் பழைய வீட்டில் தரைத்தளத்தில் கலவையும் டைல்ஸுமாக 3 அங்குலம், படிகளில் 1½, மாடியில் 2. கான்கிரீட்டில் எல்லாம் ஏழாக நின்ற படியில், முதல் படி கல்லால் 1½ உயர்ந்தது. ஆனால் அதன் காலடியில் தரை 3 உயர்ந்துவிட்டது. ஏழில் ஒன்றரை போய் 5½. கடைசியில், படி 1½ உயர, மாடித் தரை 2 உயர்ந்தது. ஏழோடு அரை சேர்ந்து 7½. நடுவில் எல்லாப் படியும் ஒரே அளவு உயர்ந்ததால் ஏழு ஏழாகவே இருந்தது. மேஸ்திரி சமமாக வார்த்ததால்தான் படி சமமில்லாமல் போனது.

ஆகவே புது வீட்டின் செக்‌ஷனில் இரண்டு கோடு போட்டேன். முதலில் முடிந்த மட்டம், பத்தொன்பதும் சமமாக. பிறகு அந்தந்த இடத்தில் கல்லும் கலவையும் எவ்வளவோ அவ்வளவு கீழே இறக்கி, கான்கிரீட் மட்டம் தடித்த கோட்டில். கனங்கள் பழைய வீட்டில் இருந்த மாதிரியேதான்: 3, 1½, 2. இறக்கியதும் முதல் கான்கிரீட் படி 8⅛ அங்குலமாக வளர்ந்து நின்றது. கடைசிப் படி 6⅛ ஆகக் குறுகியது. நடுவில் உள்ள பதினேழும் 6⅝. ஸ்லாப் மட்டத்துக்கு ஸ்லாப் மட்டம் 127 அங்குலம், மேலே 2 கூடி, கீழே 3 போனால் 126. கணக்குச் சரி.

பலகை அடிக்கும் அன்று மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார். இவர் வேறு ஆள். "சார், முதல் படி அளவு தப்பா விழுந்திருக்கு. எட்டுக்கு மேல வருது. நான் சரி பண்ணி அடிச்சிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி, சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன்: இது டைல்ஸ் வருகிற இடம், இது நீங்கள் நிற்கிற இடம். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நீளமான ரீப்பர் கட்டையை எடுத்து, அதில் கீழிருந்து மேல்வரை படி மட்டங்களை மொத்தமாகக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்து அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும், கட்டையைச் சுவரில் நிறுத்தினால் சேராது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

கான்கிரீட் காய்ந்து டைல்ஸ் வருவதற்குள் மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் வந்தவர்கள் எல்லாரும் முதல் படியில் தடுக்கினார்கள். "இவ்வளவு படிச்சு வரைஞ்சதுக்கு இதுவா?" என்று அக்கா போனில் கேட்டாள். டைல்ஸ் போட்ட மறுநாள் டேப்போடு போனேன். முதல் படி 6⅝-க்கு ஒரு நூல் கூடுதல், கடைசி ஆறரை. மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் உள்ளேதான் இருந்தன. ஒரே வரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் ⅜ அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதி அனுமதிக்கிறது. நம்முடையது அதற்குள்ளேதான்.

நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார், காதில் போன். மின்வாரியத்தில் யாரோடோ சண்டை. என்னைச் சுற்றிக்கொண்டு கடைசி இரண்டு படியையும் தாண்டி, பேச்சை நிறுத்தாமல் ஹாலைக் கடந்து வாசலுக்குப் போய்விட்டார்.